பருப்பு குப்பையில், பனீர் கடாயில்

தெரிந்த குடும்பம் ஒன்று, மே மாதம். சமையலறை அலமாரியை ஒழித்தபோது இரண்டு கிலோ கடலைப்பருப்பு குப்பைக்குப் போனது. ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி தாண்டி மூன்று வாரம் ஆகிவிட்டதாம். அதே நாள் மதியம், ‘யூஸ் பை’ தேதி தாண்டி இரண்டு நாள் ஆன பனீரை மோந்து பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்று மசாலாவில் போட்டார்கள். சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் இரண்டு பிள்ளைகளுக்கும் வாந்தி. எனக்குப் போன் வந்தது: “சார், அந்தப் பருப்புலதான் முந்தாநாள் வடை சுட்டோம். அதனாலதான் இருக்குமோ?”

பால் பொருள் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. அந்தத் தேதியை முடிவு செய்யும் கூட்டத்தில் நானும் உட்காருகிறேன். இது போலப் போன் வருவது இது முதல் முறையும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது சுவைக்கும் மணத்துக்கும் மொறுமொறுப்புக்கும் கம்பெனி தரும் உறுதி. அந்த நாளுக்குப் பிறகு பிஸ்கட் நமுத்துப்போகலாம், மிக்சரில் காறல் வாடை வரலாம், காபித்தூளின் மணம் குறையலாம். தேதி தாண்டிய மாத்திரத்தில் அது விஷமாகிவிடாது. பருப்பு, ரவை, பிஸ்கட் எல்லாம் காய்ந்த பொருள்கள். கிருமி பெருக அவற்றில் ஈரம் போதாது. வண்டோ பூச்சியோ வந்தால் கண்ணுக்குத் தெரியும், காறல் அடித்தால் மூக்குக்குத் தெரியும். இவற்றுக்கு மோந்து பார்ப்பது சரியான பரிசோதனைதான். அந்த வீட்டுப் பருப்பு பாக்கெட்டை எடுத்து போட்டோ அனுப்பச் சொன்னேன். ‘பெஸ்ட் பிஃபோர்’ வரிக்குக் கீழேயே எக்ஸ்பைரி தேதி இருந்தது. அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. யாரும் படிக்கவில்லை.

‘யூஸ் பை’ அல்லது எக்ஸ்பைரி என்பது வேறு. அந்த நாளுக்குப் பிறகு தரத்துக்கும் பாதுகாப்புக்கும் உறுதி கிடையாது, விற்கவும் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020 லேபிள் விதிகளின்படி தயாரித்த அல்லது பேக் செய்த தேதியும் எக்ஸ்பைரி அல்லது ‘யூஸ் பை’ தேதியும் கட்டாயம். ‘பெஸ்ட் பிஃபோர்’ போடுவது கம்பெனியின் விருப்பம். இதனால் ஒரு குழப்பமும் உண்டு. ரவை பாக்கெட்டிலும் எக்ஸ்பைரி இருக்கும், பனீர் பாக்கெட்டிலும் இருக்கும். எதில் கறாராக இருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? தேதிக்குப் பக்கத்தில் உள்ள சேமிப்பு வரியைப் படியுங்கள். ‘குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்றால் அது அலமாரிப் பொருள். ‘4 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்’ என்பது போல ஃபிரிட்ஜ் வெப்பநிலை போட்டிருந்தால், அந்தத் தேதியோடு பேரம் பேசாதீர்கள்.

இப்போது மூக்குக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கோபம் வரவழைப்பது இதுதான். பாலைப் புளிக்கவைத்து நாற வைக்கும் கிருமிகள் வேறு, நம்மைப் படுக்கவைக்கும் கிருமிகள் வேறு. முதல் வகை வாடையோடு வரும், அதனால் நாமே கொட்டிவிடுவோம். இரண்டாவது வகை பல நேரம் வாடையையும் மாற்றாது, நிறத்தையும் மாற்றாது. லிஸ்டீரியா என்று ஒன்று இருக்கிறது. ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்ல மெல்லப் பெருகும். கர்ப்பிணிக்குக் கருச்சிதைவு வரை கொண்டுபோகும். அதை மோந்து கண்டுபிடிக்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆய்வகத்தில் நாங்களே தட்டில் வளர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

“அதான் நல்லா கொதிக்க வெச்சுட்டோமே” என்பது அடுத்த வாதம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், சரி. ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி பெருகும்போதே உணவில் ஒரு நச்சை விட்டுவைக்கும். அந்த நச்சு கொதியில் அழியாது. பெரும்பாலும் நம் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும்தான் அந்தக் கிருமி உணவுக்குப் போகிறது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி வரும்.

அந்தப் பனீரின் கதையைக் கேட்டு வாங்கினேன். பேக் செய்தது 3ஆம் தேதி, யூஸ் பை 18. கடையில் வாங்கியது 10ஆம் தேதி. கரண்ட் பில்லுக்காக இரவில் ஃபிரிட்ஜை அணைக்கிற கடை அது, தெருவுக்கே தெரியும். பிறகு ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு, மே மாத வெயிலில் இன்னும் இரண்டு வேலை முடித்து வீடு வந்திருக்கிறார்கள். 15ஆம் தேதி பிரித்துப் பாதியை எடுத்தார்கள். மீதியை அதே கவரில் சுருட்டி ஃபிரிட்ஜ் கதவில் வைத்தார்கள். நடுவில் ஒரு நாள் மதியம் முழுக்கப் பவர்கட். 20ஆம் தேதி சமையல். ‘பிரித்தபின் இரண்டு நாளுக்குள் பயன்படுத்தவும்’ என்று கவரில் போட்டிருந்தது. அப்படிப் பார்த்தால் அந்தப் பனீரின் கணக்கு 17ஆம் தேதியே முடிந்துவிட்டது.

கவனியுங்கள், 18 என்பது பிரிக்காத பாக்கெட்டுக்கு, சொன்ன குளிரிலேயே இருந்தால் மட்டும். நாங்கள் அப்படி வைத்துத்தான் நாள்கணக்கில் சோதித்துத் தேதி போடுகிறோம், ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து அல்ல. பனீரில் பாதிக்கு மேல் ஈரம். குளிர் விட்டால் கிருமிக்கு விருந்து. வாந்திக்குக் காரணம் அந்த நச்சுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், சோதிக்க மிச்சம் எதுவும் வைக்கவில்லை. ஆனால் மூன்று மணி நேரம் என்ற கணக்கு அதற்குப் பொருந்துகிறது. பிள்ளைகள் மறுநாள் தேறிவிட்டார்கள்.

ஆகவே கடையில் பாலும் பனீரும் கடைசியாக எடுங்கள், எடுத்ததும் நேராக வீட்டுக்குப் போங்கள். ஃபிரிட்ஜ் கதவு அடிக்கடி சூடாகும் இடம், பின்பக்கத் தட்டில் வையுங்கள். பிரித்த நாளைப் பேனாவால் கவரிலேயே எழுதுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். அட்டைப்பெட்டிப் பால் பிரிக்காதவரை மாதக்கணக்கில் வெளியே இருக்கும். பிரித்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான், ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடியுங்கள். பனீரைத் தேதிக்குள் முடிக்க முடியாது என்று தெரிந்தால் தேதிக்கு முன்பே ஃப்ரீசரில் போடுங்கள். தேதி முடிந்தபின் போட்டுப் பயனில்லை.

குழந்தைகளுக்கான பால்பவுடர் காய்ந்த பொருள்தானே என்று தயவுசெய்து தளர்வு காட்டாதீர்கள். அதில் போட்டிருக்கும் சத்துகளுக்கு அந்தத் தேதி வரைதான் உறுதி, குழந்தைக்கு அதுதான் முழுச் சாப்பாடு. உப்பிய டின்னைத் தேதி பார்க்காமலே தூக்கிப் போடுங்கள், திறந்து ருசி பார்க்க வேண்டாம்.

தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ, அச்சை அழித்து மறுபடி அடித்தது போல இருந்தாலோ வாங்க வேண்டாம். வாங்கிவிட்டீர்கள் என்றால் கவரையும் பில்லையும் வைத்திருங்கள். பேட்ச் எண்ணும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் கொடுங்கள். கவரைக் குப்பையில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.