சொல் விளக்கம்: இல் மாங்க்

குன்னூரில் தேயிலை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் பிரெஞ்சுக் கடிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. சென்ற மழைக்காலத்தில், 12 வகைத் தேயிலைக்கு லேபிள் அச்சிடும் வேலை வந்தது. பிரான்சிலிருந்து வந்த வடிவங்களை எண்ணினால் 10தான் இருந்தன. புதிதாகச் சேர்ந்த தம்பி உடனே பதில் எழுதிக் காட்டினான்: ‘வூஸ் அவே ஊப்லியே தெஸ் எத்திகெத்.’ நீங்கள் 2 லேபிள்களை மறந்துவிட்டீர்கள் என்று பொருள். இலக்கணம் சரிதான். ஆனால் அவர்கள் மறந்தார்கள் என்பது நமக்கு எப்படித் தெரியும்? அனுப்பியும் வழியில் தவறியிருக்கலாம். நம் கணினியிலேயே வேறு கோப்புறையில் விழுந்திருக்கலாம். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லியதுதான் அந்த வாக்கியத்தின் குற்றம்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த இடத்தில் ‘இல் மாங்க் தெஸ் எத்திகெத்’ என்பார்கள். இரண்டு லேபிள் குறைகிறது, அவ்வளவுதான்.

‘மாங்க்கே’ என்னும் வினை இத்தாலிய ‘மன்காரே’ வழியாகப் பிரெஞ்சுக்கு வந்தது. அதற்கும் மூலம் லத்தீன் ‘மன்குஸ்’, அதாவது ஊனமுற்ற, குறிப்பாகக் கை முடமான. கையின் ஊனத்தைச் சொன்ன சொல் காலப்போக்கில் எந்த இல்லாமைக்கும் பொதுவாகிவிட்டது.

‘இல்’ என்றால் வழக்கமாக ‘அவன்’. இங்கே அது எவனுமில்லை. மழை பெய்வதை ‘இல் ப்லெ’ என்கிறார்களே, அந்த ‘இல்’தான் இது. நமக்கு மழையே எழுவாய். அவர்களுக்கு வினைக்கு முன்னால் ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும். இதைத் ‘தோன்றா எழுவாய்’ என்று தமிழாக்கினால் பொருந்தாது. தோன்றா எழுவாயில் ஆள் உண்டு, சொல் இல்லை. இங்கே சொல் உண்டு, ஆள் இல்லை. ‘வெற்றெழுவாய்’ என்பது என் பரிந்துரை.

லேபிள் இரண்டானாலும் இருநூறானாலும் ‘இல் மாங்க்’ ஒருமையிலேயே நிற்கும். தம்பி அடுத்த முறை பன்மையாக்கி எழுதினான். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்பதால், தாளில் பார்த்தால்தான் பிழை பிடிபடும். இதைவிடப் பெரிய வழுக்கல் ஒன்று உண்டு. ‘எங்களுக்கு’ என்று சேர்க்க ‘இல் நூ மாங்க்’ என்று எழுத வேண்டும். ‘இல்’லை எடுத்துவிட்டு ‘வூ நூ மாங்கே’ என்று எழுதினால், ‘நீங்கள் இல்லாமல் ஏங்குகிறோம்’ என்றாகிவிடும். லேபிள் கேட்ட கடிதம் காதல் கடிதமாகும்.

செயப்பாட்டு வினையும் கைகொடுக்கும். ‘தெஸ் எத்திகெத் நோன் பா எத்தே ஜ்வேந்த்’, அதாவது 2 லேபிள்கள் இணைக்கப்படவில்லை. லேபிள் பிரெஞ்சில் பெண்பால் என்பதால் கடைசிச் சொல் ‘ஜ்வேந்த்’ என்று ‘த்’தோடு முடிகிறது. இதன் பின்னால் ‘பார் வூ’, ‘உங்களால்’, என்று ஒட்டினால் போதும், மறைத்த விரல் மறுபடியும் நீண்டுவிடும். இணைக்காதது யார் என்ற கேள்வியும் இந்த வாக்கியத்தில் பாதி மிச்சமிருக்கிறது. ‘இல் மாங்க்’கில் அந்தக் கேள்வியே எழுவதில்லை, அதனால் எனக்கு அதுதான் முதல் தேர்வு. பின்னால் ‘உங்கள் அனுப்பீட்டில்’ என்று எழுதாமல் ‘தான் லான்வ்வா’, வெறும் ‘அனுப்பீட்டில்’, என்று நிறுத்துவதும் நல்லது.

விலைப்பட்டியலில் தொகை தவறியிருந்தால் வேறொரு வழக்கு இருக்கிறது: ‘யூன் எர்ரர் ஸே க்லிஸே’. பிழை தானாகவே சறுக்கி உள்ளே வந்துவிட்டதாம். நம் ஊர் மண்சரிவுபோல, யாரும் தள்ளியதில்லை.

தமிழில் இதற்கெல்லாம் ‘படு’வைத் தேடிப் போக வேண்டியதில்லை. ‘இணைக்கப்படவில்லை’ என்றால் அரசாணை வாசனை அடிக்கும். ‘இல் மாங்க்’குக்கு நேரான தமிழ் ‘குறைகிறது’. பால்காரரிடம் ‘ஒரு பாக்கெட் குறைகிறதே’ என்றுதானே சொல்கிறோம்? ‘விட்டுப்போயிருக்கிறது’ என்பதும் அதே குடும்பம். விட்டது யார் என்று அதுவும் சொல்வதில்லை. ஒரே எச்சரிக்கை: ‘குறைகிறது’ என்ற வினைக்குக் குற்றம்சாட்டும் தொனி இல்லை, ‘குறை’ என்று பெயராக்கினால் வந்துவிடும். ‘உங்கள் அனுப்பீட்டில் ஒரு குறை’ என்று எழுதினால் சண்டைக்கு அழைத்ததாகும்.

குறையைச் சொல்லும்போது ஆளை நீக்கலாம். வேண்டுகோளில் நீக்கக் கூடாது. அங்கும் ஆளில்லாமல் எழுதினால் யார் அனுப்ப வேண்டும் என்று தெரியாமல் கடிதம் கிடக்கும். கடைசியில் தம்பியின் கடிதம் இரண்டு வரியானது: ‘அனுப்பீட்டில் 2 லேபிள் குறைகிறது. அவற்றை நீங்கள் எங்களுக்கு அனுப்ப முடியுமா?’ முதல் வரியில் ‘இல்’, இரண்டாம் வரியில் ‘வூ’. மறுநாள் லேபிள்கள் வந்தன. மறந்தது யார் என்று அவர்களும் எழுதவில்லை.