இரும்புச்சத்து மாத்திரைக்கு ஏறாத ரத்தம்

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது ரத்தசோகை என்பதும், அதற்கு இரும்புச்சத்து மாத்திரை வேண்டும் என்பதும் இன்று எல்லா வீடுகளிலும் தெரிந்திருக்கிறது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. சைவ உணவுக் குடும்பங்களிலிருந்து இப்படி வரும் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து மனம் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் ஆறாம் மாதத்தில் வந்த ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8.3. அரசு வழங்கும் மாத்திரையை, அதாவது 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்டதை, இரண்டு மாதமாகத் தவறாமல் எடுத்திருக்கிறார். கையை நீட்டச் சொன்னபோது விரல் கணுக்களின் மேல்தோல் மட்டும் கருத்திருந்தது. நாக்கு சிவந்து வழவழப்பாக இருந்தது. பாதம் மரத்துப்போவதை, மாசமாக இருந்தால் அப்படித்தான் என்று வீட்டில் ஒதுக்கிவிட்டார்கள். இரும்பு மட்டும் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இவருடைய அறிக்கையிலோ அவற்றின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 106 என்று மிகுந்திருந்தது. வைட்டமின் பி12 பார்த்தோம்: 118 பிகோகிராம், மிகவும் குறைவு.

“தலைமுறை தலைமுறையா நாங்க சைவம் டாக்டர். வாரம் மூணு நாள் முருங்கைக்கீரை, பாலும் தயிரும் இல்லாத நாளே கிடையாது. இவளுக்கு எப்படிக் குறையும்?” என்றார் மாமியார். அக்கறையோடு கேட்ட கேள்விதான். ஆனால் இந்த நம்பிக்கையைத்தான் நான் மறுபடி மறுபடி எதிர்கொள்கிறேன்.

எந்தத் தாவரமும் பி12 தயாரிப்பதில்லை. அதைச் செய்வன சில நுண்ணுயிரிகள். அவற்றின் வழியாகவே அது பாலுக்கும் முட்டைக்கும் இறைச்சிக்கும் வருகிறது. முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சம்பழம், மாதுளை எதை எவ்வளவு சாப்பிட்டாலும் பி12 கிடைக்காது. இட்லி மாவு புளிப்பதால் உருவாகிவிடும் என்பதை நம்பியிருக்க முடியாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12 போலவே தோற்றமளிக்கும், உடலுக்குப் பயன்படாத பொருள்.

பாலில் உண்டு, ஆனால் அளவைப் பாருங்கள். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.5 மைக்ரோகிராம் தேவை. 100 மில்லி பாலில் இருப்பது ஏறக்குறைய 0.4 முதல் 0.5 வரை. அந்தப் பெண் குடித்த இரண்டு டம்ளர் காபியில் பால் மொத்தமே 120 மில்லி இருக்கும். இரவுத் தயிர்சாதத்தில் ஒரு கரண்டித் தயிர், மதியம் நீர்மோர். எல்லாம் சேர்த்தாலும் ஒரு மைக்ரோகிராமைத்தான் எட்டும். பாலை நெடுநேரம் காய்ச்சினால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். பாலையும் விட்ட வீகன் பெண்களுக்கு இயற்கையான உணவில் வழியே இல்லை. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே பி12 மாத்திரையைத் தொடங்கியாக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

மருத்துவ நண்பர்களுக்கு ஒரு சொல்: இரும்பும் பி12-உம் சேர்ந்து குறைந்திருந்தால் எம்.சி.வி. இயல்பாகத் தெரிந்து ஏமாற்றும். ஃபோலிக் அமிலம் ரத்த அணுக்களைச் சற்றுச் சீராக்கிவிட, நரம்புப் பாதிப்பு உள்ளே வளரும். பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும் மெட்ஃபார்மினை நீர்க்கட்டிக்காக எடுத்துவந்தவரானால் இன்னும் கவனம் வேண்டும்.

இவருக்குப் பி12 ஊசி தொடங்கி, இரும்பையும் தொடர்ந்தோம். அணுக்கள் பெருகத் தொடங்கும்போது இரும்பும் தேவைப்படும். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 9.9 ஆனது. மரத்துப்போதல் மெதுவாகத்தான் குறைகிறது.

இரும்பு மாத்திரையைக் காபியோடோ டீயோடோ விழுங்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். கீரையும் பயறும் உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் அதிலுள்ள இரும்பு நன்றாக உடலில் சேரும்.

புரதத்தைப் பொறுத்தவரை, சாம்பார் ஊற்றிக்கொண்டால் பருப்பு சாப்பிட்டதாகாது; ஒரு கரண்டித் தண்ணிச் சாம்பாரில் மூன்று கிராம் புரதம் இருந்தால் அதிகம். கடைசி மூன்று மாதங்களில் வழக்கத்தைவிட ஏறக்குறைய 22 கிராம் கூடுதலாக வேண்டும். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டலில் சுமார் 10 கிராமும், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராமும் கிடைக்கும். மிச்சத்தைக் கெட்டிப் பருப்போ பனீரோ சோயாவோ ஈடுசெய்யும்.

பிரசவம் முடிந்ததும் பி12 மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. தாயின் உடலில் இல்லாதது தாய்ப்பாலிலும் இருக்காது. பிறக்கும்போது நன்றாக இருந்த குழந்தை சில மாதங்களில் சிரிப்பதை மறந்து, நின்ற தலை நிற்காமல், கைகால் நடுங்கத் தொடங்கினால், தாயின் பி12-ஐயும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும்; அதற்குத் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தக் குழந்தையின் மூளை வளர்ச்சியிலிருந்து போகிறது.