ஒரே அறை, இரண்டு பேர்: ஷாட் பட்டியல் எங்கிருந்து தொடங்க வேண்டும்

சண்டைக்காட்சி என்றால் எல்லோருமே ஒவ்வொரு ஷாட்டையும் கட்டம் கட்டமாக வரைந்து ஸ்டோரிபோர்டு வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சிக்கு மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். படப்பிடிப்பில் நேரம் கரைவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். அறை நடுவே மேஜை. அப்பா இடதுபுறம் உட்கார்ந்திருக்கிறார். வலதுபுறக் கதவு வழியாக மகள் வந்து, மேஜையில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டு எதிரே உட்காருகிறாள். அப்பா படிக்கிறார், இருவரும் பேசுகிறார்கள். பிறகு அவள் எழுந்து எதிர்ச்சுவரில் இருக்கும் ஜன்னலுக்குப் போய், திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்கிறாள்.

முதலில் வரைய வேண்டியது அறையின் தரைப்படம். மேலிருந்து பார்ப்பதுபோல் கதவு, மேஜை, ஜன்னல் மூன்றையும் குறித்து, நடிகர்கள் நடக்கும் பாதையைக் கோடாகப் போடுங்கள். லொகேஷன் பார்க்கப் போகும்போது டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஜன்னலோரம் கேமரா நிற்க இடமே இல்லை என்பது அளந்தால்தான் தெரியும்.

இனி கதை வரிசைப்படி ஷாட்டுகள். 1: முன்பக்க மூலையிலிருந்து முழு அறையும் தெரியும் மாஸ்டர். 2: கதவுச் சத்தம் கேட்டு நிமிரும் அப்பா. 3: கதவருகே மகள். 4: மேஜையில் கடிதம். 5: படிக்கும் அப்பாவின் க்ளோஸ்-அப். 6: அப்பாவின் தோளுக்கு மேலாக மகள். 7: மகளின் தோளுக்கு மேலாக அப்பா. 8: மீண்டும் மூலையிலிருந்து, அவள் ஜன்னலுக்கு நடப்பது. 9: ஜன்னலோரம் அவள் முகம், பின்னால் மங்கலாக அப்பா.

இந்த வரிசையிலேயே எடுத்தால் கேமராவையும் விளக்குகளையும் 9 முறை அமைக்க வேண்டும். ஆனால் தரைப்படத்தில் பார்த்தால் கேமரா நிற்கும் இடங்கள் 5 மட்டுமே. 1, 8 மூலையிலிருந்து. 2, 5, 7 அப்பாவை நோக்கி. 3, 6 மகளை நோக்கி. 9 ஜன்னலோரம். 4 மேஜைக்கு மேலே. முதல் லைட்டிங்குக்கு 60 நிமிடம், அடுத்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 30 நிமிடம், கடிதத்துக்கு மட்டும் 10, ஒவ்வொரு ஷாட்டையும் எடுக்க 20 என்று கணக்கு வைத்தால், இடவாரியாக எடுக்கும்போது 5 மணி 40 நிமிடத்தில் முடியும். கதை வரிசையில் 7 மணி 40 நிமிடம் ஆகும். ஆட்களைப் பொறுத்து நிமிடங்கள் மாறலாம், வித்தியாசம் ஏறக்குறைய இப்படித்தான் நிற்கும். பகல் வெளிச்சத்தை நம்பியிருக்கும் 9-ஐ, ஜன்னலில் வெயில் எப்போது விழுகிறது என்று பார்த்து அதற்கேற்ற நேரத்தில் வையுங்கள். கடிதத்தைக் கடைசிக்கு விடலாம். ஆனால் எந்தக் கையால், மேஜையில் எந்த இடத்தில் வைத்தாள் என்று மாஸ்டர் எடுக்கும்போதே குறித்திருக்க வேண்டும். 2, 5, 7 அடுத்தடுத்து வருவதால், அப்பாவாக நடிப்பவர் அதிர்ச்சிக்கு முன்னும் பின்னும் தாவ வேண்டியிருக்கும். எடுக்கும் வரிசையை முந்தைய நாளே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இதில் ஸ்டோரிபோர்டு எதற்குத் தேவை? 6, 7 போன்ற தோள்வழி ஷாட்டுகளுக்கு வேண்டாம், பட்டியலில் ஒரு வரி போதும். 8, 9 இரண்டுக்கும் கட்டாயம் வரையுங்கள். பேசும்போது இருவரையும் இணைத்து ஒரு கற்பனைக் கோடு இருக்கிறது. கேமரா அதன் ஒரே பக்கத்தில் நின்றதால் அப்பா இடதிலும் மகள் வலதிலும் தெரிந்தார்கள். அவள் ஜன்னலுக்கு நடந்ததும் அந்தக் கோடும் அவளோடு நகர்கிறது. மூலையிலிருந்து பார்க்க ஜன்னலின் வலதுபுறம் கேமராவை வைத்தால் 9-இலும் அப்பா இடதில்தான் இருப்பார். இடதுபுறம் வைத்தால் வலதுக்குத் தாவிவிடுவார், பார்ப்பவர்களுக்கு அவர் எழுந்து இடம் மாறிய மாதிரி இருக்கும். இது வார்த்தையில் எழுதினால் தலை சுற்றும், இரண்டு கட்டம் வரைந்தால் உடனே புரியும்.

குச்சி மனிதர்கள் போதும், அழகு தேவையில்லை. ஆனால் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெரிய வேண்டும். நடிகரின் அசைவுக்குக் கட்டத்துக்குள்ளும், கேமராவின் அசைவுக்குக் கட்டத்துக்கு வெளியேயும் அம்பு போடுங்கள். கட்டம் படத்தின் உண்மையான அகல உயர விகிதத்திலேயே இருக்கட்டும். அகலத்திரைப் படத்துக்குச் சதுரக் கட்டத்தில் வரைந்தால், காகிதத்தில் அடங்கிய முகமும் கையிலுள்ள கடிதமும் ஃபிரேமில் சேர்ந்து அடங்காது. காகிதத்தில் எந்த லென்ஸும் சாத்தியம் என்பதால், வரைந்ததை லொகேஷனில் மொபைல் கேமராவிலாவது ஒருமுறை சரிபாருங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே "கட்டாயம்" அல்லது "நேரமிருந்தால்" என்று எழுதுங்கள். இங்கே 2 "நேரமிருந்தால்". அது போனாலும் 1-இலிருந்து 3-க்குப் போய்விடலாம். 8 பார்க்க வெறும் நடை மாதிரி தெரியும், நேரம் போதாதபோது முதலில் அதைத்தான் வெட்டச் சொல்வார்கள். அதை விட்டால் மேஜையருகே இருந்தவள் அடுத்த ஃபிரேமில் திடீரென்று ஜன்னலில் நிற்பாள், அந்த அறையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே குழம்பிவிடும். அதனால் 8-க்கு எதிரே "கட்டாயம்" என்று எழுதி, பக்கத்திலேயே காரணத்தையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அவசரத்தில் பட்டியலைக் கையில் எடுக்கும் உதவி இயக்குநருக்கு அந்த ஒரு வரிதான் உதவும்.