பதினான்கு பிக்சலுக்கு ஒரு புள்ளி

"கணினியில் முழுத்திரையில் பளிச்சென்று தெரியும் படம், பெரிதாக்கினால் மங்கிவிடுகிறதே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். படம் முதலிலிருந்தே மங்கல்தான். முழுத்திரைக் காட்சி அதை மறைத்திருந்தது.

24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 × 4000 பிக்சல். சாதாரண மானிட்டர் 1920 × 1080. முழுப்படமும் அதில் அடங்க வேண்டுமானால் 27 சதவீதமாகச் சுருங்க வேண்டும். அதாவது படத்தின் சுமார் 14 பிக்சல்களைக் கலந்து திரையில் ஒரே புள்ளி ஆக்குகிறது மென்பொருள். கை லேசாக நடுங்கி, கண்மணியில் மின்னும் விளக்கொளி நான்கு பிக்சல் நீளக் கோடாக இழுபட்டிருக்கிறது என்று வையுங்கள். சுருங்கிய காட்சியில் அது ஒரே புள்ளி, பார்க்க வெகு கூர்மை! படத்தின் ஒரு பிக்சல் திரையிலும் ஒரே பிக்சலாக வரும் 100 சதவீதத்தில் பார்த்தால்தான் கோடு தெரியும். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுக்கம். இமை மங்கி, காதோர முடி தெளிவாக இருந்தால் ஃபோகஸ் பின்னால் விழுந்திருக்கிறது.

ஆனால் அந்த 100 சதவீதம் உண்மையானதுதானா? விண்டோஸில் Scale 150% என்று இருந்தால், பிரவுசர் ஒரு பிக்சலை ஒன்றரையாக நீட்டி மங்கலைத் தானே சேர்த்துவிடும். போட்டோஷாப்பில் Ctrl+1 அழுத்திப் பார்ப்பது மேல்.

காட்சி உண்மையான 100 சதவீதம்தானா என்று சோதிக்க ஓர் அழகான வழி உண்டு. இடப்பக்கம் ஒற்றைப் பிக்சல் அளவில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கம், வலப்பக்கம், 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில் 186 என்ற சாம்பல். இமேஜ்மேஜிக் என்ற கட்டளைவரி மென்பொருள் இருந்தால் ஒரே வரி:

```
magick -size 300x300 pattern:gray50 "xc:rgb(186,186,186)" +append test.png
```

சதுரங்கத்தில் பாதிப் புள்ளிகள்தான் எரிகின்றன, எனவே பாதி வெளிச்சம். பாதி என்றால் 128 அல்லவா? இல்லை. எண் எவ்வளவு வெளிச்சமாக மாறும் என்பதைக் காமா தீர்மானிக்கிறது; காமா 2.2 உள்ள திரையில் 128 என்ற எண் தருவது 22 சதவீத வெளிச்சம்தான். பாதி வெளிச்சத்துக்கு 186 வேண்டும். ஆகவே அளவுதிருத்திய திரையில், 100 சதவீதக் காட்சியில், சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். இடப்பக்கம் அலையலையாகவோ கட்டங்கட்டமாகவோ தெரிந்தால் எங்கோ படம் நீட்டப்படுகிறது அல்லது சுருக்கப்படுகிறது. அலை இல்லாமல் வெளிச்சம் மட்டும் வேறுபட்டால் காமா தவறு. காமா கூடி, கான்ட்ராஸ்ட் ஏறிய திரையில் விளிம்புகள் செங்குத்தாகி, மங்கல் படமும் கூர்மையாகத் தோன்றும்.

மானிட்டரின் Sharpness பொத்தான் இன்னொரு ஏமாற்று. சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்தைப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரிந்தால், அது மறையும்வரை குறையுங்கள்.

24 அங்குல மானிட்டரில் 100 சதவீதம் என்பது ஐந்தரை அடி அகலப் பிரிண்டை இரண்டடி தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். அங்கே இழுபட்ட நான்கு பிக்சல், தபால் அட்டை அளவுப் பிரிண்டில் யார் கண்ணுக்கும் படாது.