22 சதவீதம் என்று நம்பி ஏமாறாதீர்கள்: நோர்வேயில் சம்பளமும் இலாபப் பங்கும்

நோர்வேயில் 1992 முதல் வருமான வரி இரண்டு பாதையில் போகிறது. வங்கி வட்டி, வீட்டு வாடகை போன்றவற்றுக்கு எவ்வளவு வந்தாலும் ஒரே 22 சதவீதம். சம்பளத்துக்கு அந்த 22 உடன் சமூகக் காப்புறுதிக் கட்டணமும், கூடக் கூட ஏறுகிற படிவரியும் சேரும். பின்னணி இவ்வளவு போதும்.

இதில் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, "சம்பளம் எடுக்காதே, கம்பனி இலாபத்திலிருந்து பங்கு எடு, வெறும் 22 தான்" என்று சொல்லித் திரிகிறவர்கள் நிறையப் பேர். அதைக் கேட்டு நட்டப்பட்டவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

22 சதவீதம் என்பது கம்பனி கட்டும் வரி. மிச்சத்தை உங்கள் கணக்குக்கு மாற்றும்போது இன்னொரு வரி இருக்கிறது. 2006 முதல் உள்ள விதி இது. இப்போது இலாபப் பங்கை 1.72 ஆல் பெருக்கி, அதற்கு 22 சதவீதம் எடுப்பார்கள், அதாவது 37.84 சதவீதம். முதலீட்டுக்கு ஒரு சிறு கழிவு உண்டு. 30,000 குரோனர் பங்கு முதலோடு தொடங்கிய துப்புரவுக் கம்பனிக்கு அது சொற்பம்.

கணக்கைப் பாருங்கள். கம்பனியில் 1,00,000 குரோனர் இலாபம் நிற்கிறது. பங்காக எடுத்தால் முதலில் 22,000 போகும். மிச்சம் 78,000 இல் இன்னும் சுமார் 29,500 போகும். கையில் வருவது 48,500 அளவில். அதையே சம்பளமாக எடுத்தால், ஒஸ்லோவில் சமூகக் காப்புறுதிக்கு முதலாளி கட்டும் 14.1 சதவீதத்தை ஒதுக்கிய பிறகு சம்பளம் 87,600. நடுத்தரச் சம்பளக்காரருக்கு, 2025 விகிதப்படி, கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு குரோனரிலும் வருமான வரி 22, காப்புறுதிக் கட்டணம் 7.7, படிவரி 4 என மொத்தம் 33.7 சதவீதம் பிடிப்பார்கள். கையில் சுமார் 58,100. ஏறக்குறைய 9,600 கூட! ஆண்டுச் சம்பளம் சுமார் 9.4 இலட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் பங்கு எடுப்பது இலாபமாகத் தொடங்கும். நம்மில் எத்தனை பேர் அங்கே இருக்கிறோம்?

வரி நட்டம்கூடப் பரவாயில்லை. பெரிய பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. ஓய்வூதியம், நோய்க்காலக் கொடுப்பனவு, பிள்ளைப்பேற்றுக் கொடுப்பனவு எல்லாம் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். இலாபப் பங்குக்கு அங்கே மதிப்பு பூச்சியம்.

எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி தன் கம்பனியிலிருந்து மாதம் 10,000 மட்டும் சம்பளம் எடுத்து, ஆண்டு முடிவில் மூன்று இலட்சம் பங்கு எடுத்தாள். கணக்காளர் சொன்ன யோசனை. பிள்ளை பிறந்ததும் கொடுப்பனவு மாதம் 10,000 என்றே வந்தது. அந்த இலாபத்தையும் சம்பளமாக எடுத்திருந்தால் மாதம் சுமார் 38,000 வந்திருக்கும். "அண்ணா, வரி கட்டினது பொய்யா?" என்று கேட்டாள். பொய் இல்லை. தவறான பெட்டியில் கட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

பிறகு அலைச்சல் தொடங்கியது. சமூகநல அலுவலகம், "எங்கள் திரையில் இந்தத் தொகைதான் தெரிகிறது, வரி அலுவலகத்தைக் கேளுங்கள்" என்றது. வரி அலுவலகம், "சம்பள அறிவிப்பைத் திருத்த வேண்டியது முதலாளி" என்றது. முதலாளியே அவள்தான்! ஆனால் எடுக்காத சம்பளத்தை எடுத்ததாக அறிவிக்க முடியுமா? பிரசவத்துக்கு முன் திடீரென்று சம்பளத்தை ஏற்றினாலும் வேலைக்கு ஆகாது. கடைசி மூன்று மாதச் சராசரி, முந்தைய பன்னிரண்டு மாதத்திலிருந்து 25 சதவீதத்துக்கு மேல் விலகினால் சமூகநல அலுவலகமே ஒரு தொகையைக் கணிக்கும். ஆகவே, பிள்ளை பற்றி நினைக்கிறவர்கள் ஒரு வருடத்துக்கு மேலாகவே முழுச் சம்பளம் எடுங்கள். அதை ஒவ்வொரு மாதமும், அடுத்த மாதம் 5 ஆம் தேதிக்குள், கணக்காளர் அறிவிக்கிறாரா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். சம்பளச் சீட்டைக் காட்டினால் போதும் என்று நம்பாதீர்கள். அலுவலகம் முதலில் பார்ப்பது திரையைத்தான்.

இன்னொரு பொறி: "கம்பனியிடமிருந்து கடன் எடு, பிறகு பார்க்கலாம்." 2015 ஒக்டோபர் முதல் பங்குதாரர் எடுக்கும் அந்தக் கடனே இலாபப் பங்காகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். திருப்பிக் கட்டினாலும் விழுந்த வரி தானாக நீங்காது. கம்பனி அட்டையால் வீட்டுச் சாமான் வாங்குகிறவர்களும் கவனம்.

சரி, ஏற்கெனவே பங்கு எடுத்துவிட்டீர்களா? உள்நாட்டில் வசிப்பவரின் பங்கிலிருந்து யாரும் முன்கூட்டியே வரி பிடிப்பதில்லை. கோடையில் கடிதம் வரும் வரை காத்திருந்தால் வட்டி ஏறும். அடுத்த ஆண்டு மே 31 க்குள் நீங்களாகவே 37.84 சதவீதத்தை முற்பணமாக வரிக் கணக்கில் கட்டிவிடுங்கள்.