விலை பேதம்: முதல், இரண்டாம், மூன்றாம் நிலை

ஒரே பொருளை, செலவில் பெரிய வேறுபாடு இல்லாதபோதும், ஆளுக்கொரு விலையில் விற்பதுதான் ப்ரைஸ் டிஸ்கிரிமினேஷன். பிரித்தறிதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. ‘விலைப் பாகுபாடு’ என்றும் எழுதுகிறார்கள். ஆனால் பாகுபாடு என்றாலே அநீதி நினைவுக்கு வருகிறது. மாணவர் சலுகையும் இதில் அடக்கம் என்பதால், பாடநூல்களில் வழங்கும் ‘விலை பேதம்’ எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதை மூன்று நிலைகளாகப் பிரித்தவர் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஆர்தர் பிகூ. ஆண்டு 1920.

முதல் நிலையில், ஒவ்வொருவரும் அதிகபட்சம் எவ்வளவு தருவார் என்று அறிந்து அதையே வாங்கிவிடுவது. முழுமையாக இது நடப்பதில்லை. விலைப்பட்டியல் இல்லாத கடையில் ஆளின் உடையையும் அவசரத்தையும் பார்த்து விலை சொல்வது இதற்கு நெருங்கி வரும்.

மூன்றாம் நிலையில், வெளியே தெரியும் அடையாளத்தைக் கொண்டு குழுவாகப் பிரிப்பது. தாஜ்மஹால் நுழைவுச் சீட்டு இந்தியருக்கு 50 ரூபாய், வெளிநாட்டுப் பயணிக்கு 1,100 ரூபாய். வாசலில் அடையாளம் பார்ப்பதால் மலிவான சீட்டைக் கைமாற்ற வழியில்லை. அந்தத் தடை இல்லாவிட்டால் பேதம் நிற்காது.

சிக்கலானது இரண்டாம் நிலை. யார் எவ்வளவு தருவார் என்று விற்பவருக்குத் தெரியாது. அதனால் இரண்டு மூன்று விதமாக வைத்துவிட்டு, வாங்குபவரையே தேர்ந்தெடுக்க விடுகிறார். ஒரு சோப்பு 40 ரூபாய், மூன்று சேர்ந்த கட்டு 100 ரூபாய் என்பது இந்த வகை. ரயில் வகுப்புகளும் அப்படித்தான். பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் டுப்புயி 1849-ல் ஒரு கேள்வி எழுப்பினார்: மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போட அதிகச் செலவில்லையே, ஏன் போடவில்லை? ஏழையை வாட்ட அல்ல, வசதியுள்ளவரை அங்கே வரவிடாமல் பயமுறுத்த என்பது அவர் பதில்.

கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். வசதியுள்ளவர் இரண்டாம் வகுப்புக்கு 100 ரூபாய் வரை தருவார், கூரையுள்ள மூன்றாம் வகுப்புக்கு 70. ஏழை அந்த மூன்றாம் வகுப்புக்கு 40 தருவார். மூன்றாம் வகுப்பை 40-க்கு விற்றால், வசதியுள்ளவருக்கு அங்கே 30 ரூபாய் மிச்சம். அவரை இரண்டாம் வகுப்பில் நிறுத்த அங்கும் 30 விட்டுக்கொடுத்து 70 தான் கேட்க முடியும். மொத்தம் 110.

இப்போது கூரையை எடுத்துவிடுங்கள். அந்தப் பெட்டிக்கு ஏழை 38 தருவார், வசதியுள்ளவர் 45-க்கு மேல் தரமாட்டார். அவருக்கு அங்கே மிச்சம் 7 தான். அதனால் இரண்டாம் வகுப்புக்கு 93 வரை கேட்கலாம். மொத்தம் 131. ஏழையிடம் 2 ரூபாய் குறைந்தது, மற்றவரிடம் 23 கூடியது. மழையில் நனைவது மட்டும் ஏழையின் பங்கு.

எல்லா விலை வேறுபாடும் பேதம் அல்ல. ஏசி பெட்டியை இயக்க உண்மையிலேயே செலவு அதிகம். அந்தக் கூடுதல் செலவைக் கழித்த பிறகும் கட்டணத்தில் மிஞ்சி நிற்கும் வித்தியாசம்தான் விலை பேதம்.