ரெஸ்பிரேட்டர்: முகக்கவசம் அல்ல, மூச்சுக்காப்பு

மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளில் வேலைக்குச் சேரும் முதல் நாள் பாதுகாப்பு வகுப்பில் தமிழ்ப் படக்காட்சி ஓட்டுவார்கள். ஹெல்மெட், கையுறை வரை குறையில்லை. அடுத்து, நச்சு வாயுவும் தூசும் மூச்சில் போகாமல் காக்கும் ரெஸ்பிரேட்டரின் படம். அடியில் 'முகக்கவசம்' என்று எழுதியிருக்கும்.

லத்தீனில் 'ஸ்பிராரே' என்றால் மூச்சு விடுதல், 'ரெ' என்றால் மறுபடி. சொல்லில் மூச்சு இருக்கிறது, முகம் இல்லை. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

'கவசம்' வடசொல் என்பதல்ல என் குறை. கிரைண்டிங் செய்கிறவர் முகத்துக்கு முன் தொங்கவிடும் கண்ணாடி போன்ற தகடுதான் உண்மையான முகக்கவசம். பொறியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. போதாததற்குக் கொரோனா வந்து, முகக்கவசம் என்றாலே காதில் மாட்டும் துணி என்று ஆக்கிவிட்டது. கழிவுநீர்த் தொட்டி வாசலில் 'முகக்கவசம் அணிந்து இறங்கவும்' என்ற பலகையைப் படிக்கிற புது ஆள், சட்டைப்பையில் இருக்கும் துணியை மாட்டிக்கொண்டு இறங்கினால் அவர்மேல் என்ன பிழை? பலகை சொன்னதைத்தானே செய்தார்!

தொட்டியில் சேறு கலங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். அங்கே ஆக்ஸிஜனும் குறைந்திருக்கலாம். அது 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்கும் உதவாது. கார்ட்ரிட்ஜ் வடிகட்டும், அவ்வளவுதான். இல்லாத ஆக்ஸிஜனை அது எங்கிருந்து கொண்டுவரும்? சிலிண்டரோ வெளியிலிருந்து வரும் காற்றுக்குழாயோ வேண்டும்.

'சுவாசக் கருவி' என்று எழுதுபவர்களும் உண்டு. அதைக் கேட்டால் ஆஸ்பத்திரி வென்டிலேட்டர்தான் கண்ணுக்குள் வரும். தவிர, வடிகட்டுவதையும் காற்று கொடுப்பதையும் ஒரே பெயரில் அமுக்கிவிடுகிறது.

பொதுப்பெயர் 'மூச்சுக்காப்பு' என்று இருக்கட்டும். கார்ட்ரிட்ஜ் வைத்தது வடிகட்டி மூச்சுக்காப்பு, சிலிண்டர் வைத்தது காற்றூட்டு மூச்சுக்காப்பு. பெயரைக் கேட்டதுமே எதை எடுப்பது என்று தெரியும். மூச்சு என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வியும் தானாக வரும்: ஓரத்தில் காற்று நுழைகிறதா? கார்ட்ரிட்ஜ் வாயை உள்ளங்கையால் மூடி மெல்ல இழுத்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டி, பத்து விநாடி அப்படியே நிற்க வேண்டும். தாடி இருந்தால் நிற்காது.

அந்தப் படக்காட்சியைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் பார்க்கிற நேரத்தில் ஸ்டோர் ரூமை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம். ஆபத்து வந்தால் யாரிடம் சொல்வது என்ற பக்கத்தையும் 'உரிய அதிகாரியிடம் தெரிவிக்கவும்' என்று முடித்துவிடுகிறார்கள். எழுத வேண்டியது இது: 'மூச்சுக்காப்புக்குள் வாடை வந்தால் உள்ளே கழற்றாதே, உடனே வெளியே வா, ஷிப்ட் இன்சார்ஜிடம் சொல்.'